பிரசீதாவுக்கு ஜாமீன் நின்றவர்கள்

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில், நீலிமலை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் பிரசீதா வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே பெண்களுக்கென்று ஒரு கழிப்பறைகூடக் கிடையாது. சுருள் கட்டும் பிரிவுவரை நடந்து போக வேண்டும். செம்புக் கம்பிக்குக் காகிதம் சுற்றிச் சுருளாக்குகிற அந்தப் பிரிவில் முழுக்கப் பெண்கள்தான். போக வர அவர்களிடம் நின்று நின்று பேசியே எல்லோருடைய வீட்டுக் கதையும் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது.

ஒலவக்கோட்டில் அம்மா, தம்பி, தம்பி மனைவி என்று ஒரு வீடு. வந்த வரன்களில் பாதியை அவள் வேண்டாமென்றாள், மீதி அவளை வேண்டாமென்றது. ஒரு கட்டத்தில் தரகர் வருவதை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் நிறுத்தவில்லை. பிரசீதாவுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு விஷயம். எல்லாம் சரியாகச் செய்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தம் ஏற்றியதும் உள்ளுக்குள்ளே மின்பொறி தெறித்துப் பொரிய ஆரம்பிக்கும். அருகிலிருப்பது தேறிவிடும், இது மட்டும் தோற்கும். ஏன்? கேட்டால் எல்லோரும், "சுருள் கட்டினது சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சுருள் கட்டிய கைகள் அவளுக்குத் தெரிந்த கைகள். அவளால் அப்படி முடிக்க முடியவில்லை.

பாலக்காட்டுப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில், வேலை பார்ப்பவர்களுக்கென்று மாலை நேர எம்.டெக். ஆரம்பித்திருந்தார்கள். மூன்று வருஷம். மாலையில் வகுப்பு, சனிக்கிழமை ஆய்வகம். பட்டமும் இரண்டு வருஷ அனுபவமும் வேண்டும். அதற்கு மேல், வேலை செய்கிற இடத்திலிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு சான்றிதழ் வேண்டும். எல்லோரும் அதை என்.ஓ.சி. என்றுதான் சொல்வார்கள்.

பிரசீதா விண்ணப்பித்த அதே வருஷம் அதே பிரிவிலிருந்து இன்னொருவரும் விண்ணப்பித்தார். அவர் கிரீசன். அவளைவிட நாலைந்து வயது மூத்தவர், வேலையிலும் மூத்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் ஒரு பக்க உதட்டால் சிரித்துக்கொண்டே பேசுவார். இரண்டு பேருக்கும் தரவரிசையில் இடம் கிடைத்துவிட்டது. சோதனைப் பிரிவின் தலைவர் குரியாக்கோஸ் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கம்பெனி விதி தெரியுமில்ல? ஒரு பிரிவுலேர்ந்து ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் என்.ஓ.சி. ரெண்டு பேரும் சாயங்காலம் கிளம்பிட்டா இங்க யாரு சோதனை பண்றது, நானா?"

"நீங்க பண்ணா டிரான்ஸ்ஃபார்மர் பயந்தே பாஸாயிடும் சார்" என்றாள் பிரசீதா.

குரியாக்கோஸ் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "சீனியாரிட்டி பார்த்தா கிரீசனுக்குத்தான் போகணும்."

கிரீசன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேண்டாம் சார். அவளுக்கே குடுங்க."

"ஏன்டா, அப்புறம் எதுக்கு அப்ளை பண்ணினே?"

"மூளை இன்னும் ஓடுதான்னு பார்த்தேன். ஓடுது. போதும்."

வெளியே வந்ததும் பிரசீதா அவரை வழிமறித்தாள். "கிரீசேட்டா, எனக்காக விட்டுக்கொடுக்கிற தியாகம் எல்லாம் வேண்டாம்."

"தியாகமா? வயசான காலத்துல பரீட்சை எழுதிக் கை நடுங்கறதுக்கு இங்கேயே நிம்மதியா இருக்கலாம்." அதோடு அவர் சோதனைக் கூடத்துக்குள் போய்விட்டார்.

என்.ஓ.சி. கிடைத்தது. பிரசீதா சேர்க்கைக்குப் போனாள். கல்லூரி அலுவலகத்தில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இது செல்லாதுங்க. 'வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நாட்களில் மட்டும்'னு போட்டிருக்காங்க பாருங்க. அப்படி நிபந்தனை இருக்கக் கூடாது. வகுப்புக்கு நேரத்தோட விடுவிப்போம்னு சொல்லியிருக்கணும். நாளைக்குள்ள மாத்திக் கொண்டுவந்தா சேர்த்துக்கறேன். இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடணும், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் கம்பெனிக்குத் திரும்பியபோது குரியாக்கோஸ் கையை விரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆய்வுக்கு வந்து நிற்கிற வாடிக்கையாளர் முன்னால் பாதிச் சோதனையில் பொறியாளர் பஸ் பிடிக்கப் போனால் கம்பெனி மானம் என்னாகும்? "அந்த வரியை நான் சும்மா எழுதலை. அதை எடுக்கணும்னா சாயங்காலம் வேற ஒருத்தர் நிப்பார்னு எனக்கு உறுதி வேணும். வாய் வார்த்தை இல்லை."

பிரசீதா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதது அவமானத்தால்தான். இத்தனை வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தும் ஒரு வரிக்காகக் கெஞ்ச வேண்டியிருக்கிறதே. கிரீசன் அவளைக் கடந்து உள்ளே போனார். சற்று நேரம் கழித்து வெளியே வந்தார்.

"சார் கூப்பிடறார், போ."

உள்ளே, குரியாக்கோஸின் மேஜையில் கிரீசனின் கையெழுத்தில் அரைப் பக்கம் இருந்தது. பிரசீதாவின் படிப்பு முடியும்வரை மாலைப் பொறுப்பைத் தான் ஏற்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். குரியாக்கோஸ் அதைக் கோப்பில் போட்டுவிட்டு, நிபந்தனை இல்லாத புதிய சான்றிதழில் கையெழுத்திட்டார். "முட்டாப் பய" என்று முணுமுணுத்தது யாரை என்று பிரசீதாவுக்கு விளங்கவில்லை.

அப்படி ஆரம்பித்த மூன்று வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் கம்பெனியில் ஒன்றாக இருந்தது தினமும் கொஞ்ச நேரம்தான். அவள் காலைப் பணி, அவர் மாலைப் பணி. சாயங்காலம் அவர் வந்ததும், எந்த டிரான்ஸ்ஃபார்மர் எந்தச் சோதனையில் நிற்கிறது, எது சந்தேகம், எந்த ஒயரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். பிறகு அதிலேயே ஒரு பழக்கம் வந்துவிட்டது. வகுப்பில் படித்த ஒன்றை மறுநாள் அவருக்குச் சொல்லாமல் அவளால் போக முடியாது. கேட்காமல் அவரும் விட மாட்டார்.

"நேத்து என்ன நடத்தினாங்க?"

"எண்ணெய்க்குள்ள காத்துக் குமிழி இருந்தா அங்கதான் முதல்ல பொரியும்னு."

"அது தெரியுமே. குமிழி எங்கேருந்து வருது?"

"அதை நாளைக்குத்தான் சொல்வாங்க. பஸ் போயிடும் கிரீசேட்டா!"

அவள் படித்து முடித்த புத்தகங்கள் சோதனைக் கூடத்து அலமாரியிலேயே தங்கின. திரும்ப எடுக்கும்போது ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருக்கும். சில சமயம், அவள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை அவர் அங்கே நாலு வரியில் புரிய வைத்திருப்பார். மூளை ஓடுகிறதா என்று பார்த்தவருடைய குறிப்பு மாதிரி அது இல்லை. படிக்கத் தவித்தவருடைய குறிப்பு. அப்படியானால் ஏன் விட்டுக்கொடுத்தார் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் பிரசீதா யோசிப்பாள்.

காரணம் இரண்டாம் வருஷத்தில்தான் தெரிந்தது. ஒரு மாலை அவள் கிளம்பும் நேரம். கிரீசன் மின்னழுத்தம் ஏற்றிய டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியிருந்த கம்பிவலைக் கூண்டுக்கு அருகில் நின்றிருந்தார், அவர் போன் மேஜையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுத்தாள். "சேட்டா, நான் கிளம்பணும், அப்பா துணியெல்லாம் நனைச்சுட்டார், நீங்க எப்ப வருவீங்க?" என்றது ஒரு பெண் குரல். கிரீசனின் அப்பா பக்கவாதத்தில் விழுந்து படுக்கையில் இருந்தார். அவர் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்துக்கொள்ள வரும் பெண் ஒருத்தி இருட்டுமுன் போய்விடுவாள். அந்தப் பெண் போன பிறகு கிரீசன் வருகிறவரை பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எட்டிப் பார்க்க வேண்டும். பகலில் வேலை, மாலையில் படிப்பு என்று இரண்டு நேரமும் அப்பாவை விட முடியாமல்தான் அவர் என்.ஓ.சி.யை வேண்டாமென்றிருந்தார்.

பிரசீதா அன்று பஸ் ஏறவில்லை. "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் இருக்கேன்."

"வகுப்பு?"

"ஒரு நாள் போனா வகுப்பு ஓடிப் போயிடாது. மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கறப்போ இதைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ வாங்கியிருக்க மாட்டே."

பிரசீதா பையை மேஜையில் வைத்துவிட்டு மீட்டரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்து ஊரான புதுசேரியில் இருந்த அவர் வீட்டைத் தேடிப் போனாள். கையில் பழம் கிழம் எதுவும் இல்லை, ஒரு சீப்பும் நகவெட்டியும்தான் எடுத்துப் போனாள். ஆண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் நோயாளிக்கு எது குறையும் என்று அவளுக்குத் தெரியும். வலது கை விளங்காத அந்தக் கிழவர், முன்பின் தெரியாத ஒருத்தி தன் நகத்தை வெட்டிவிடுவதை முதலில் கோபமாகப் பார்த்தார். பிறகு இடது கையை அவராகவே நீட்டினார். பேச்சு குழறியது. என்னவோ சொன்னார். கிரீசன் அதை மொழிபெயர்க்காமல் அடுக்களைக்குப் போய் டீ போட ஆரம்பித்தார்.

"என்ன சொல்றார்?"

"ஒண்ணுமில்ல. டீல சர்க்கரை கம்மியாப் போடச் சொன்னார்."

கிழவர் தலையை ஆட்டி மறுத்தார். பிரசீதா சிரித்துவிட்டாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் புதுசேரி பஸ்ஸில் ஏறுவது வழக்கமாகிவிட்டது. அம்மா எதுவும் கேட்கவில்லை, ஆனால் சனிக்கிழமையே உண்ணியப்பம் சுட்டு டப்பாவில் போட்டு வைக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் வருஷம் ஆய்வு. டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏன் பொரிகிறது என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டாள். பாட வகுப்பு மாதிரி இதை மாலையில் மட்டும் செய்ய முடியாது. நாள் முழுக்கக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மனிதவளப் பிரிவில் இருந்த நிஷிதாவிடம் போய் விடுப்புக் கேட்டாள். நிஷிதா சின்னப் பெண், விதிகளைக் கரைத்துக் குடித்தவள், பேச்சில் மட்டும் பிரியம் குறையாது.

"சேச்சி, என்.ஓ.சி. வேற, லீவு வேற. என்.ஓ.சி. வாங்கினவங்க படிச்சு முடிச்ச மறுநாளே வேலையை விட்டுப் போகலாம், கம்பெனி கேக்காது. ஏன்னா உங்க சொந்தக் காசுல, சொந்த நேரத்துல படிச்சீங்க. ஆனா படிப்பு லீவுன்னு எடுத்தா கம்பெனி பாதிச் சம்பளம் குடுக்கும். அதுக்குப் பதிலா, திரும்பி வந்து ரெண்டு வருஷம் இங்கதான் வேலை செய்வேன்னு பத்திரம் எழுதிக் கொடுக்கணும்."

"நடுவுல போனா?"

"லீவுல வாங்கின சம்பளத்தை வட்டியோட கட்டணும். நீங்க கட்டலைன்னா ஜாமீன்காரங்க கட்டணும். ரெண்டு ஜாமீன். ரெண்டு பேரும் நிரந்தர ஊழியரா இருக்கணும். பத்திரம் முடியறதுக்குள்ள ரிட்டயராகிறவங்க ஆகாது. சொந்தக்காரங்களும் ஆகாது."

ஸ்டோர்ஸில் இருந்த லத்தீஃப் ஒரு கையெழுத்துக்குச் சம்மதித்தார். இன்னொன்றுக்கு யாரைக் கேட்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. கிரீசன் பத்திரத்தை வாங்கி, வாசிக்காமலே கையெழுத்துப் போடப் போனார்.

"வாசிச்சுட்டுப் போடுங்க. நான் ஓடிப் போனா உங்க சம்பளத்துலதான் கை வைப்பாங்க."

"எங்க ஓடப் போற? பஸ்ஸையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது உனக்கு."

ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று இரவு பிரசீதா அதன் நகலைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தாள். இரண்டு வருஷம் தன்னைக் கம்பெனிக்குக் கட்டிப்போட்டுக்கொண்டதற்காக இல்லை. இன்னொருவர் தன்னை நம்பித் தன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது ஒரு கனம் மாதிரி உட்கார்ந்துகொண்டது. பிடிக்காத கனம் என்றும் சொல்ல முடியாது.

விடுப்பில் அவள் செய்த வேலை ஊர் மெச்சுகிற பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. தோற்ற டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒவ்வொன்றும் எந்த உலர்த்தும் அடுப்பில், எந்த இடத்தில் இருந்து வந்தது என்று தேடிப் பிடித்தாள். பெரிய வெற்றிட அடுப்பின் பின்பக்க மூலையில் சூடு குறைவாக இருந்தது. அங்கே வைத்த சுருள்களின் காகிதத்தில் ஈரம் மிச்சம் இருந்தது. அந்த ஈரம்தான் பொரிந்தது. சுருள் கட்டியதில் பிழையே இல்லை. கம்பெனி அடுப்பைச் சரிசெய்தது. தோற்பது குறைந்தது.

சுருள் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மிணிச்சேச்சி. சோதனைப் பிரிவென்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. தோற்ற டிரான்ஸ்ஃபார்மர் திரும்பி வருகிற நாளெல்லாம் குரியாக்கோஸுக்கும் அவளுக்கும் சண்டை கூரையைப் பிளக்கும். அடுப்புச் செய்தி வந்த அன்று அவள் சோதனைக் கூடத்துக்கு நேரே நடந்து வந்தாள். குரியாக்கோஸின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சாரே, எங்க கையில பிழைன்னு எத்தனை வருஷமாச் சொன்னீங்க? இப்ப அந்த அடுப்புகிட்டப் போய்த் திட்டுங்க, பார்க்கலாம்."

குரியாக்கோஸ் மேஜைமேல் இருந்த அறிக்கையைப் புரட்ட ஆரம்பித்தார். அவருக்கும் வாய் அடைக்கும் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆய்வு ஏற்கப்பட்டது. பிரசீதா வேலைக்குத் திரும்பினாள். வந்த சில நாளில் பெங்களூருக் கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஆய்வு அரங்கில் அவள் பேசியதைக் கேட்டவர்கள். பத்திரத்துக்கான பணத்தைத் தாங்களே கட்டிவிடுவதாகவும் சொன்னார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, கிரீசன் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "நல்ல இடம். போ."

"உங்க ஜாமீனுக்கு ஒண்ணும் ஆகாது. அவங்க கட்டிடுவாங்க."

"நான் அதைக் கேட்டேனா?"

"கேளுங்களேன். எதையாவது கேளுங்க கிரீசேட்டா. மூணு வருஷமா நீங்க என்கிட்ட எதையுமே கேட்டதில்ல. பென்சில்ல எழுதி வைக்கறீங்க, அவ்வளவுதான்."

அவர் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டார். "படுக்கையில கிடக்கிற அப்பாவை வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணுகிட்ட என்ன கேக்க முடியும்? போகாதேன்னா? அது நியாயமா?"

"நியாயமான்னு நான் சொல்லிக்கறேன். கேளுங்க."

கட்டிலில் கிடந்த கிழவர் இடது கையால் மகனின் முழங்கையைத் தட்டினார். குழறலாக ஏதோ சொன்னார். இந்த முறை பிரசீதாவுக்கே புரிந்தது. 'கேள்டா' என்றார்.

கிரீசன் கேட்டார். என்ன வார்த்தையில் கேட்டார் என்பதைப் பிரசீதா யாருக்கும் சொன்னதில்லை. ஆறிப்போன கஞ்சியைச் சுட வைக்க அவள்தான் அடுக்களைக்குப் போனாள் என்பது மட்டும் தெரியும். பெங்களூருக்கு மறுப்பு எழுதினாள். மனசில்லாமல் எழுதினாள் என்றும் சொல்ல முடியாது, கொஞ்சமும் யோசிக்காமல் எழுதினாள் என்றும் சொல்ல முடியாது. அந்தக் கம்பெனியின் ஆய்வகத்தைப் பற்றிப் பிறகும் சில நாள் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

கல்யாணம் கோவிலில் எளிமையாக நடந்தது. அதைப் பதிவு செய்த பிறகு, குடும்ப விவரத்தை மாற்றுவதற்காக இருவரும் நிஷிதாவிடம் போனார்கள். நிஷிதா வாழ்த்தி லட்டை வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லுவது பாதியில் நின்றது.

"அய்யோ சேச்சி."

"என்ன?"

"கிரீசேட்டன்தானே உங்க பத்திரத்துக்கு ஜாமீன்? இப்ப அவர் சொந்தக்காரர் ஆயிட்டாரே! ஆகாது. வேற ஜாமீன் போடணும்."

"கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட கையெழுத்துதானே?"

"பத்திரம் முடியறவரைக்கும் ஜாமீன் தகுதியா இருக்கணும்னு போட்டிருக்கே. புருஷன் பொண்டாட்டின்னா ஒரே வீட்டுக் காசு, ஒரு ஜாமீன் இல்லாத மாதிரிதான். இந்த மாசத்துக்குள்ள மாத்திடுங்க. இல்லேன்னா பத்திரத்தை மீறினதா ஆயிடும், எழுத்துல வரும். எனக்கே கஷ்டமா இருக்கு, ஆனா மாத்திக் குடுங்க."

கிரீசன் ஒரு பக்க உதட்டால் சிரித்தார். "உனக்குப் புருஷனாகத் தகுதி வந்ததும் ஜாமீனுக்குத் தகுதி போச்சு."

சிரித்தாலும் விஷயம் சுலபமாக இல்லை. அந்த நேரத்தில் ஊழியர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கூட்டுறவுக் கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றிருந்தார்கள். கேட்டால் முகத்தைத் திருப்பினார்கள். சிலர், "பெங்களூர்ல உனக்கு வேலை கிடைச்சதாமே?" என்று நேராகவே கேட்டார்கள். அந்தச் செய்தி எப்படியோ பரவியிருந்தது. மறுத்துவிட்டேன் என்று சொன்னால் நம்பவில்லை. மறுப்பதற்கு யாருக்காவது பைத்தியமா என்ன?

கடைசியில் அவள் குரியாக்கோஸின் அறை வாசலில் நின்றாள். அவர் ஜாமீன் என்ற சொல்லையே வெறுப்பவர் என்று கம்பெனி முழுக்கத் தெரியும். ஒரு காலத்தில் ஓர் இளைஞனுக்கு நின்றார், அவன் தோஹாவுக்குப் பறந்துவிட்டான், இவர் சம்பளத்தில் பிடித்தார்கள்.

"உள்ள வா. எதுக்கு வந்தேன்னு தெரியும்" என்றார். "குடு, போடறேன்."

பிரசீதா பத்திரத்தை நீட்டவில்லை. "சார்..."

"என்ன, நான் போட மாட்டேன்னு நினைச்சியா?"

"இல்ல சார். நீங்க அடுத்த வருஷம் ரிட்டயராகறீங்க. பத்திரம் அதுக்கு அப்புறம்தான் முடியுது. உங்க கையெழுத்து செல்லாது."

குரியாக்கோஸ் பேனாவை மூடினார். கோபம் வந்தவர் போலத்தான் தெரிந்தார். பிறகு நாற்காலியை இழுத்துவிட்டு எழுந்தார். "வா என்கூட."

சுருள் பிரிவில் அவர் நுழைந்ததும் பெண்கள் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். அவர் சண்டைக்குத் தவிர அங்கே வந்ததே கிடையாது. அம்மிணிச்சேச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சாரே, எந்தச் சுருள்?"

"சுருள் இல்ல அம்மிணி. ஒரு கையெழுத்து வேணும். எனக்கில்ல, இவளுக்கு." அவர் கெஞ்சத் தெரியாமல் கெஞ்சினார். விதியைச் சொன்னார், கல்யாணத்தால் வந்த வில்லங்கத்தைச் சொன்னார். "நான் போட்டா ஆகாது. உனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு."

"இவ ஓடிப் போனா என் சம்பளத்துல பிடிப்பாங்களா?"

"பிடிப்பாங்க" என்றாள் பிரசீதா. மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "எனக்குப் பெங்களூர்ல ஒரு வேலை வந்ததும் உண்மைதான் சேச்சி. வேண்டாம்னு எழுதிட்டேன்."

அம்மிணிச்சேச்சி கையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். "மோளே, நீ வந்த புதுசுல கழிப்பறைக்கு இங்க நடந்து வருவே. மத்த ஆபீஸர்மாரெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு இந்தப் பக்கமே வர மாட்டாங்க. நீ நின்னு பேசுவே. இதோ இவ ஆம்பளைப் புள்ளை பெத்தது, அவ மாமியார்கூட மல்லுக்கட்டினது எல்லாம் உனக்குத் தெரியும். எங்க கைமேல இருந்த பழியையும் நீதான் இறக்கி வெச்சே. உனக்கு நான் நிக்காம இந்தக் குரியாக்கோஸுக்கா நிப்பேன்?" பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஒரு நிபந்தனை. இந்த சார் என் முன்னால ஒரு தடவை, 'சுருள் நல்லாக் கட்டறீங்க'ன்னு சொல்லணும்."

குரியாக்கோஸ் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நல்லாத்தான் கட்டறீங்க" என்றார்.

"'தான்' வேண்டாம்."

"நல்லாக் கட்டறீங்க!" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டார். போகும்போது அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று பிரசீதா அதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மிணிச்சேச்சி கையெழுத்துப் போட்டாள். நிஷிதா பழைய ஜாமீனை நீக்கிப் புதியதைச் சேர்த்துக்கொண்டாள்.

பிரசீதாவின் படிப்பு முடிந்துவிட்டதால் அந்தப் பிரிவுக்கான என்.ஓ.சி. கிரீசனுக்குக் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் மாலைப் பணியை ஏற்றுக்கொண்டார். கிரீசன் நரைத்த தலையோடு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிரசீதா பகல் பணி முடிந்து நேரே வீட்டுக்கு வந்துவிடுவாள். மாமனாருக்குச் சாயங்காலம் வாசலில் சாய்வு நாற்காலி போட்டுக்கொடுப்பாள். போகிற வருகிற பஸ்களை அவர் எண்ணுவார், தப்பாக எண்ணுவார், அவள் திருத்துவாள், சண்டை வரும். முதல் செமஸ்டரில் கிரீசன் ஒரு பாடத்தில் தோற்றுப்போனார். வீட்டுக்கு வந்து சொல்லக் கூச்சப்பட்டு, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார். பிரசீதா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தன் பழைய நோட்டுகளை எடுத்து வைத்தாள். மறுமுறை தேறிவிட்டார்.

ஆய்வுக்கு அவரும் விடுப்பு எடுத்தார், அவரும் பத்திரம் எழுதினார். தன்னால் ஜாமீன் நிற்க முடியாதே என்று பிரசீதாவுக்கு அன்று வருத்தமாகத்தான் இருந்தது. நிஷிதாவிடம் அதைச் சொன்னாள். "சேச்சி, நீங்க அவருக்கு நிக்கறது எந்தப் பத்திரத்துல வரும்?" என்றாள் அந்தச் சின்னப் பெண்.

பிரசீதாவின் இரண்டு வருஷம் அவளுக்கே தெரியாமல் முடிந்திருந்தது. மனிதவளப் பிரிவிலிருந்து விடுவிப்புக் கடிதம் வந்தபோது அவள் கூண்டுக்குள் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் சுருள் பிரிவுக்குப் போய் அம்மிணிச்சேச்சியிடம் நீட்டினாள்.

"உங்க ஜாமீன் முடிஞ்சுது சேச்சி. இனி நான் ஓடினாலும் உங்களை யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்படியா? அப்ப எப்ப ஓடற?"

"இன்னைக்கு முடியாது. அப்பாவுக்கு முடி வெட்ட ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

"நாளைக்கு?"

"நாளைக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வருது, நீங்க கட்டினதுதான்."

அம்மிணிச்சேச்சி நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். ஒரு பெண் எழுந்து டீ ஊற்றப் போனாள். வெளியே வாளையார்க் காற்று தகரக் கூரையைத் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, பிரசீதா உட்கார்ந்தாள்.